10876 எங்கே இருக்கிறது?

ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத் தேர்வில் அடிக்கடி தலைகாட்டும் கேள்வி ஒன்று உண்டு. மெய்நிகர் முகவரி 16 பிட். பக்கத்தின் அளவு 1 கேபி. கணினியிலுள்ள ராம் 8 கேபி. பக்க அட்டவணையின் சில வரிகள் கொடுக்கப்பட்டிருக்கின்றன. 0x2A7C என்ற மெய்நிகர் முகவரிக்குரிய பௌதிக முகவரியைக் கண்டுபிடி.

```
பக்கம்   ஃபிரேம்   வேலிட்
  2        7        1
  4        3        0
  6        0        1
 10        5        1
```

விடை இரண்டு வரியில் முடிந்துவிடும். ஆனால் அந்த இரண்டு வரியை எழுத, கணினிக்குள் என்ன நடக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் எழுதினால், எந்த இடத்தில் தெரியவில்லை என்பதை விடையே காட்டிக் கொடுத்துவிடும். விடைத்தாள் திருத்துகிறவர்களுக்கு இந்தக் கேள்வி பிடித்துப்போவதற்கு அதுவே காரணம்.

கணினியில் ஓடும் ஒவ்வொரு நிரலும் நினைவகம் முழுவதும் தன்னுடையது என்று எண்ணித்தான் ஓடுகிறது. பூஜ்ஜியத்தில் தொடங்கி வரிசையாகப் போகும் முகவரிகள் அதற்கு உண்டு. நம் கேள்வியில் அவை 0 முதல் 65535 வரை. உண்மையில் இருக்கும் ராம் 8192 பைட்தான். அதையும் பல நிரல்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன. நிரல் சொல்லும் முகவரி மெய்நிகர் முகவரி. ராமில் அந்தப் பைட் உட்கார்ந்திருக்கும் இடம் பௌதிக முகவரி. ஒவ்வொரு பைட்டுக்கும் இது இங்கே, அது அங்கே என்று தனித்தனியாகக் குறித்துவைத்தால் அந்தக் குறிப்பே ராமை விழுங்கிவிடும். அதனால் நிரலின் நினைவகத்தைச் சம அளவுள்ள துண்டுகளாகப் பிரித்தார்கள். அந்தத் துண்டுதான் பக்கம். ராமையும் அதே அளவில் பிரித்தார்கள். அங்கே ஒரு துண்டுக்கு ஃபிரேம் என்று பெயர். மான்செஸ்டரில் உருவாகி 1962இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியிலேயே இந்த ஏற்பாடு இருந்தது. அதில் ஒரு பக்கத்துக்கு 512 சொற்கள்.

பக்கமும் ஃபிரேமும் ஒரே அளவு என்பதில்தான் கணக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒரு பக்கம் ராமுக்குள் போகும்போது அப்படியே முழுதாக ஒரு ஃபிரேமில் போய் உட்காருகிறது. பக்கத்தின் 636ஆம் பைட், ஃபிரேமிலும் 636ஆம் பைட்தான். மாறுவது எந்தத் துண்டு என்பது மட்டுமே. துண்டின் தொடக்கத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பது மாறாது. அந்தத் தூரத்தை ஆஃப்செட் என்கிறோம்.

ஆகவே முகவரியைக் கையில் வாங்கியதும் கேட்கவேண்டியது ஒன்றே ஒன்று: எந்தப் பக்கம், அதில் எத்தனையாவது பைட்? 0x2A7C என்பது நம் வழக்கமான எண்ணில் 10876. பக்கத்தின் அளவு 1000 பைட் என்று ஒரு நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். 10876ஐப் பார்த்தவுடனே, பத்தாம் பக்கம், 876ஆம் பைட் என்று சொல்லிவிடுவோம். வகுக்கக்கூட வேண்டாம், கடைசி மூன்று இலக்கத்துக்கு முன்னால் ஒரு கோடு போட்டால் போதும். ஆனால் 1 கேபி என்பது 1024. அதாவது 2ஐப் பத்து முறை பெருக்கினால் வரும் எண். அதனால் இங்கே கோடு விழவேண்டியது பைனரியில், கடைசிப் பத்துப் பிட்டுகளுக்கு முன்னால்.

```
0x2A7C = 0010101001111100
         001010 | 1001111100
```

இடப்பக்கம் உள்ள 001010 என்பது 10. வலப்பக்கம் உள்ளது 636. 10876ஐ 1024ஆல் வகுத்தாலும் ஈவு 10, மீதி 636 என்று இதுவே வரும். இரண்டு வழியும் ஒன்றுதான். கைக்கு எது பழக்கமோ அதைச் செய்யலாம்.

இனி அட்டவணையைப் பார்க்கலாம். பத்தாம் பக்கத்துக்கு வேலிட் பிட் 1. ஆகவே பக்கம் ராமில் இருக்கிறது. இருக்கும் இடம் ஐந்தாம் ஃபிரேம். இடப்பக்கத்திலிருந்த 10ஐ எடுத்துவிட்டு 5ஐ வைக்கவேண்டும். ராம் 8 கேபி என்பதால் இருப்பது எட்டே ஃபிரேம்; ஃபிரேம் எண்ணுக்கு மூன்று பிட் போதும்.

```
101 | 1001111100 = 0x167C = 5756
```

பெருக்கியும் பார்க்கலாம்: 5 × 1024 + 636 = 5756. ஃபிரேம் எண்ணையும் ஆஃப்செட்டையும் நேராகக் கூட்டி 641 என்று எழுதுகிறவர்கள் உண்டு. 5 என்பது ஃபிரேமின் வரிசை எண். அந்த ஃபிரேம் தொடங்கும் இடம் 5120. இந்த வேறுபாடு மனதில் பதிந்துவிட்டால் அந்தத் தவறு வராது. சில கேள்வித்தாள்களில் அட்டவணையிலேயே தொடக்க முகவரியைக் கொடுத்துவிடுவார்கள். அப்போது பெருக்கக் கூடாது. அட்டவணையின் தலைப்பை ஒருமுறை நிதானமாகப் படித்துவிடுவது நல்லது.

இதையெல்லாம்விட அதிகம் பேரைக் கவிழ்ப்பது வேறொன்று. பாடப்புத்தக உதாரணங்கள் பெரும்பாலும் 4 கேபி பக்கத்தில் இருக்கும். 4096க்கு ஆஃப்செட் 12 பிட். ஒரு ஹெக்ஸ் இலக்கம் நான்கு பிட் என்பதால் அது சரியாக மூன்று இலக்கம். கோடு இரண்டு இலக்கங்களுக்கு நடுவே அழகாக விழுந்துவிடும். அந்தப் பழக்கத்தில் 0x2A7Cஐப் பார்த்ததும் பக்கம் 2, ஆஃப்செட் A7C என்று கை தானாக எழுதிவிடுகிறது. இரண்டாம் பக்கத்துக்கு ஃபிரேம் 7 என்று அட்டவணையிலும் இருக்கிறது. உடனே விடை 0x7A7C. பார்ப்பதற்கு எந்தக் குறையும் இல்லாத விடை, முழுக்கத் தவறு.

கேள்வியில் உள்ள எண்களைக் கொண்டே இதைப் பிடித்துவிடலாம். 0xA7C என்பது 2684. ஒரு பக்கத்தில் இருப்பதே 1024 பைட் என்றால் அதில் 2684ஆம் பைட் எங்கிருந்து வரும்? அடுத்து, 0x7A7C என்பது 31356; இந்தக் கணினியின் ராம் 8191ஓடு முடிந்துவிடுகிறது. 0x167Cக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. கடைசிப் பத்துப் பிட்டுகளும் கேள்வியிலும் விடையிலும் ஒன்றாகவே இருக்கின்றன. ஹெக்ஸில் பார்த்தால் கடைசி இரண்டு இலக்கமான 7C மாறவில்லை; அதற்கு முந்தைய A, 6 ஆகிவிட்டது. A என்பது 1010, 6 என்பது 0110. கோடு அந்த இலக்கத்தின் நடுவே விழுவதால் பின்பாதியான 10 அப்படியே நிற்கிறது, முன்பாதி மாறியிருக்கிறது. கேள்வி தயாரிப்பவர்கள் 4 கேபியை விட்டு 1 கேபி, 2 கேபி என்று கொடுப்பதே முறை என்பது என் கருத்து. 4 கேபியில் ஒன்றும் புரியாதவரும் முழு மதிப்பெண் வாங்கிவிட முடியும்.

அதே அட்டவணையில் இன்னொரு முகவரி: 0x1003. இது 4099. பக்கம் 4, ஆஃப்செட் 3. அட்டவணையில் நான்காம் பக்கத்துக்கு எதிரே ஃபிரேம் 3 என்று எழுதியிருக்கிறது. 3 × 1024 + 3 = 3075 என்று போட்டால் மதிப்பெண் போய்விடும். வேலிட் பிட் 0 என்றால் பக்கம் ராமில் இல்லை என்று அர்த்தம். பக்கத்தில் நிற்கும் 3 பழைய எண்ணாக இருக்கலாம். அந்த ஃபிரேமில் இப்போது வேறு நிரலின் தகவல் இருக்கலாம். இதற்கு விடை எண்ணே அல்ல. பேஜ் ஃபால்ட் என்று எழுதவேண்டும்.

அந்த நேரத்தில் கணினியில் நடப்பது கவனிக்கத் தக்கது. முகவரியை மாற்றும் வேலையை ஆபரேட்டிங் சிஸ்டம் செய்வதில்லை. பிராசஸருக்குள் இருக்கும் எம்.எம்.யூ என்ற மின்சுற்று ஒவ்வொரு முகவரிக்கும் தானே செய்துகொள்கிறது. வேலிட் பிட் 0 என்று கண்டதும் அது கையை விரித்துவிடும். அப்போதுதான் ஆபரேட்டிங் சிஸ்டம் உள்ளே வரும். அந்தப் பக்கம் நிரலுக்கு உரியதுதானா என்று பார்க்கும். உரியதென்றால் ஒரு காலி ஃபிரேமைத் தேடி, டிஸ்க்கில் இருக்கும் பக்கத்தைக் கொண்டுவந்து வைத்து, அட்டவணையைத் திருத்தி, நின்றுபோன கட்டளையை மறுபடி ஓடவிடும். உரியதில்லை என்றால் நிரலை நிறுத்திவிடும். லினக்ஸில் சி மொழி எழுதிப் பழகியவர்கள் திரையில் பார்த்திருக்கும் `Segmentation fault` பெரும்பாலும் இப்படி வந்ததுதான்.

இதற்கு நேர் எதிரான குழப்பத்தை ஆறாம் பக்கம் உண்டாக்கும். அங்கே ஃபிரேம் 0, வேலிட் 1. பூஜ்ஜியத்தைக் கண்டதும் பக்கம் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. ராமின் முதல் ஃபிரேமுக்குப் பெயரே பூஜ்ஜியம்தான்.

இவ்வளவும் 64 பக்கம் கொண்ட சின்னக் கணக்கு. 32 பிட் முகவரி, 4 கேபி பக்கம் என்று போனால் பக்கங்களின் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். ஒரு வரிக்கு 4 பைட் வைத்தாலும் அட்டவணைக்கே 4 எம்பி, அதுவும் ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனியாக. 1985இல் வந்த இன்டெல் 80386 இதற்கு அட்டவணையையே இரண்டு நிலையாக்கியது. முகவரியில் ஒரு கோட்டுக்குப் பதில் இரண்டு கோடு: 10 பிட், 10 பிட், 12 பிட். முதல் பத்து, எந்த அட்டவணை என்று சொல்லும். அடுத்த பத்து, அந்த அட்டவணையில் எந்த வரி என்று சொல்லும். ஓர் அட்டவணையில் 1024 வரி, வரிக்கு 4 பைட், மொத்தம் 4096. அட்டவணை ஒரு பக்கத்துக்குள் கச்சிதமாக அடங்கிவிடுகிறது. நிரல் தொடாத பகுதிகளுக்கு அட்டவணையே போடவேண்டாம்.

இந்த அமைப்பில் வரும் கேள்விகளில் ஃபிரேம் எண்ணைத் தனியாகத் தரமாட்டார்கள். அட்டவணை வரியை அப்படியே கொடுத்துவிடுவார்கள். முகவரி 0x00403A7C என்று வைத்துக்கொள்வோம். வெட்டினால் 1, 3, A7C. முதல் நிலையில் 1ஆம் வரி இரண்டாம் நிலை அட்டவணை ஒன்றைக் காட்டுகிறது. அங்கே 3ஆம் வரியில் இருப்பது 0x00005067. இதோடு A7Cஐக் கூட்டி 0x5AE3 என்று எழுதினால் தவறு. முகவரி C என்று முடிய, விடை 3 என்று முடிவதே அதற்குச் சாட்சி. ஃபிரேம் எப்போதும் 4096இன் மடங்கில்தான் தொடங்கும் என்பதால் அதன் தொடக்க முகவரியில் கடைசி 12 பிட் பூஜ்ஜியமாகவே இருக்கும். அந்த இடத்தை வீணாக்காமல் குறிப்புகளுக்கு வைத்துக்கொண்டார்கள். 067 என்பது அந்தக் குறிப்பு: பக்கம் ராமில் இருக்கிறது, எழுதலாம், சாதாரண நிரலும் தொடலாம், ஏற்கெனவே தொடப்பட்டிருக்கிறது, எழுதப்பட்டும் இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டு, மிஞ்சும் 0x00005க்குப் பின்னால் A7Cஐ வைத்தால் 0x00005A7C. அந்த வரி 0x00005066 என்று இருந்திருந்தால் கடைசிப் பிட் 0 ஆகியிருக்கும். விடையும் பேஜ் ஃபால்ட் என்று ஆகியிருக்கும்.