குறைந்த எண் சொல்லும் குறை யாருடையது?

கல்லூரியில் பொருளியல் கற்பித்த காலத்தில், இளங்கலை முதலாண்டு மாணவர்கள் நாற்பது பேருக்கு ஒரு சிறுதேர்வு வைத்தேன். பத்துக் கொள்குறி வகை வினாக்கள். வினாவுக்கு ஒரு மதிப்பெண். ஆறுக்குக் குறைவாக எடுத்தோர் மாலைநேரத் துணை வகுப்புக்கு வரவேண்டும் என்பது ஏற்பாடு. வகுப்பில் நன்றாகப் பதில் சொல்லும் மாணவி ஒருத்தி ஐந்து மதிப்பெண்ணுடன் என் அறைக்கு வந்தாள். "ஐயா, ஏழாவது வினாவுக்கு நீங்கள் வகுப்பில் சொன்னதைத்தான் எழுதினேன்" என்றாள். விடைக்குறிப்பைப் பார்த்துவிட்டு, அவள் எழுதியது தவறு என்று அனுப்பிவிட்டேன்.

ஆனாலும் மனம் ஒப்பவில்லை. அன்றிரவு விடைத்தாள்களை விரித்து, அந்தத் தேர்வின் உள்ளிசைவைக் கணக்கிட்டேன். இதற்கென கூடர், ரிச்சர்ட்சன் இருவரும் 1937-இல் ஒரு சூத்திரம் தந்தனர். கிரான்பாக் 1951-இல் 'ஆல்ஃபா' என்று பெயரிட்ட அளவு, சரி-தவறு வினாக்களுக்கு இதே விடையைத்தான் தரும்.

அதன் அடிப்படை எளியது. வினாக்கள் யாவும் ஒரே அறிவைச் சோதித்தால், ஒரு வினாவில் வென்றவர் மற்றவற்றிலும் பெரும்பாலும் வெல்வார். அப்போது மொத்த மதிப்பெண்கள் மேலும் கீழுமாக நன்கு விரிந்து நிற்கும். வினாக்கள் ஒன்றோடொன்று தொடர்பற்றவையாக இருந்தால், ஒன்றில் பெற்றதை மற்றொன்றில் இழந்து எல்லோரும் நடுவில் குவிவர். ஆகவே, மதிப்பெண்களின் விரிவு தனித்தனி வினாக்களின் விரிவைக் கூட்டி வருவதைவிட எவ்வளவு பெரியது என்று பார்த்தால் போதும்.

கணக்கு இதுதான். ஒவ்வொரு வினாவுக்கும் சரியாக எழுதியோர் விகிதத்தைத் தவறியோர் விகிதத்தால் பெருக்க வேண்டும். ஏழாவது வினாவுக்கு 0.6-ஐ 0.4-ஆல் பெருக்க 0.24. பத்து வினாக்களுக்கும் கூட்டியபோது 1.98 வந்தது. நாற்பது பேரின் மொத்த மதிப்பெண்களுக்கான விலக்க வர்க்கச் சராசரி ஏறத்தாழ 2.75. முன்னதைப் பின்னதால் வகுத்து, ஒன்றிலிருந்து கழித்தால் 0.28. அதைப் பத்தின்கீழ் ஒன்பதால், அதாவது 10/9-ஆல் பெருக்கினால் 0.31. வகுப்புத் தேர்வு ஒன்றுக்கு 0.7-ஐ ஒட்டி இருந்தால் நல்லது என்பது வழக்கமான எதிர்பார்ப்பு.

இவ்வளவு குறைந்த எண்ணைக் கண்டால், 'பிள்ளைகள் படிக்கவில்லை' என்று சொல்லத் தோன்றும். அது பிழை. எல்லோரும் குறைவாக எடுத்ததை இந்த எண் சொல்வதில்லை. வினாக்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்பதையே சொல்கிறது. எந்த வினா ஒத்துப்போகவில்லை என்பதையோ அது சொல்வதில்லை. நாம்தான் தேட வேண்டும்.

ஒரு வினாவை நீக்கிவிட்டு, மற்ற ஒன்பதில் பெற்ற மதிப்பெண்படி மாணவர்களை மேல் இருபது, கீழ் இருபது எனப் பிரித்தேன். நீக்கிய வினாவை ஒவ்வோர் இருபதிலும் எத்தனை பேர் சரியாக எழுதினர் என்று எண்ணினேன். பத்து வினாக்களுக்கும் இப்படியே செய்தேன். பெரும்பாலான வினாக்களில் மேல் பாதியே முந்தியது. ஏழாவதில் மேல் பாதியில் எட்டுப் பேர், கீழ் பாதியில் பதினாறு பேர்! நன்றாகப் படித்தவர்களைத் தண்டித்த வினா அது.

வினா இதுதான்: 'ஒரு பண்டத்தின் விலை குறைந்தால் அதன் தேவை அதிகரிக்கும். சரியா, தவறா?' என் விடைக்குறிப்பு 'சரி' என்றது. ஆனால், விலை மாறும்போது மாறுவது தேவையின் அளவே; தேவைக் கோடு இடம்பெயர்வதில்லை. இதை வகுப்பில் ஒரு மணி நேரம் விளக்கியவன் நானே. கவனித்துக் கேட்டவர்கள் 'தவறு' என்று எழுதினர். கேட்காதவர்கள் மதிப்பெண் பெற்றனர்.

விடைக்குறிப்பை மாற்றி மீண்டும் கணக்கிட்டேன். இப்போது அவ்வினாவில் சரியாக எழுதியோர் 0.4, தவறியோர் 0.6, பெருக்குத்தொகை அதே 0.24. எனவே கூட்டுத்தொகையும் 1.98-தான். ஆனால், மொத்த மதிப்பெண்களின் விரிவு 3.75 ஆனது, உள்ளிசைவு 0.52-க்கு உயர்ந்தது. ஒரு மாணவரும் ஒரு விடையையும் மாற்றி எழுதவில்லை.

0.52-உம் போதாது. இரண்டு வினாக்களை நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சரியாக எழுதியிருந்தனர். அவை எவரையும் வேறுபடுத்திக் காட்டுவது அரிது. பத்து வினாக்கள் என்பதும் குறைவு. அதே தரத்தில் இருபது வினாக்கள் இருந்திருந்தால் ஏறத்தாழ 0.69 கிடைத்திருக்கும். இருந்த நிலையில், ஒருவரின் மதிப்பெண்ணில் ஒன்றுக்கும் மேற்பட்ட மதிப்பெண் தற்செயலாகக் கூடவோ குறையவோ இடமிருந்தது. ஐந்துக்கும் ஆறுக்கும் இடையே கோடு கிழிக்க அந்தத் தேர்வுக்குத் தகுதியே இல்லை.

அதே சமயம், உயர்ந்த எண்ணிலும் மயங்கக் கூடாது. ஒரே வினாவைப் பத்து விதமாகக் கேட்டால் எண் உயரும். பாடத்தின் பெரும்பகுதி சோதிக்கப்படாமலே போகும். உள்ளிசைவு என்பது வினாக்களுக்கிடையே உள்ள ஒற்றுமை. அவை சரியானதைக் கேட்கின்றனவா என்பது வேறு கேள்வி.

மறுநாள் வகுப்பில் பிழையை ஒப்புக்கொண்டேன். துணை வகுப்புக்கு வருவதை அவரவர் விருப்பத்துக்கு விட்டேன். அந்த மாணவியின் தாளில் ஐந்தை அடித்து ஆறு என்று எழுதினேன். அவள் கேட்டபோதே அந்த வினாவை மீண்டும் ஒருமுறை படித்திருக்கலாம்.