ஒரு செகண்ட்னு நம்பின ஓவர்ஃப்ளோ: டைமர் கணக்கு எங்க தப்புது?

இன்னைக்கு எபிசோடு ஒரு செஸ் க்ளாக்ல ஆரம்பிக்குது. ஆர்டுயினோ யூனோ போர்டுல நானே செஞ்சது, ஆளுக்கு 60 நிமிஷம். என் டைம்ல ஒரு நிமிஷம் மிச்சம் இருக்கும்போது ரூம்மேட்டுக்கு செக்மேட் வெச்சேன். அவன் ஒத்துக்கல. "உன் க்ளாக் மெதுவா ஓடுதுடா"ன்னான். சரின்னு க்ளாக்கையும் போன் ஸ்டாப்வாட்சையும் ஒண்ணா ஓட விட்டோம். க்ளாக் 60 நிமிஷம் முடிச்சப்போ போன்ல 62 நிமிஷம் 55 செகண்ட். அவன் சொன்னது சரி. நான் ஜெயிச்சதும் செல்லாம போச்சு.

தப்பு எங்கன்னு புரியணும்னா, டைமர் எப்படி எண்ணுதுன்னு பார்க்கணும். யூனோவில இருக்கிற ஏடிமெகா328பி சிப்புக்கு க்ளாக் 16 மெகாஹெர்ட்ஸ். அதாவது ஒரு செகண்டுக்கு 1 கோடியே 60 லட்சம் பல்ஸ். டைமர்1 ஒரு 16 பிட் கவுன்ட்டர். 0-ல தொடங்கி 65535 வரைக்கும்தான் எண்ணும். அடுத்த பல்ஸ்ல மறுபடி 0. இதுதான் ஓவர்ஃப்ளோ. நேரடியா எண்ண விட்டா 4.096 மில்லிசெகண்ட்லயே நிரம்பிடும்.

அதனால வாசல்ல ஒரு வாட்ச்மேனை நிறுத்துறோம். அவர்தான் பிரிஸ்கேலர். 256-ன்னு செட் பண்ணா, 256 பல்ஸுக்கு ஒண்ணைத்தான் உள்ள விடுவார். இந்த டைமர்ல கிடைக்கிறது 1, 8, 64, 256, 1024 மட்டும்தான். நடுவுல வேற எண் கிடையாது.

256 போட்டா ஒரு டிக் 16 மைக்ரோசெகண்ட். 65536 டிக் சேர்ந்தா 1.048576 செகண்ட். "ஏறக்குறைய ஒரு செகண்ட்தானே"ன்னு ஒவ்வொரு ஓவர்ஃப்ளோவையும் ஒரு செகண்டா எண்ணிட்டேன். அதை 3600 தடவை பண்ணா 3775 செகண்ட். அதான் அந்த 62 நிமிஷம் 55 செகண்ட்!

சரியான கணக்கு தலைகீழா போகணும். முதல்ல நமக்கு வேண்டிய நேரம், அப்புறம் டிக்:

```
ticks = 16000000 × seconds / prescaler
```

ஒரு செகண்டுக்கு 64 போட்டா 2,50,000 டிக், 65536-க்குள்ள அடங்காது. 256 போட்டா 62,500. அடங்குது, மீதியும் இல்ல. 1024 போட்டா 15,625, இதுவும் சரிதான். அப்போ எப்பவும் 1024-ஏ போட்டுக்கலாமான்னு கேட்டா, வேண்டாம். ஒரு மில்லிசெகண்ட் வேணும்னு வெச்சுக்கோங்க, 1024-ல 15.625 டிக் வரும். அரை டிக், கால் டிக் எல்லாம் எண்ண முடியாது. 16-ன்னு வெச்சா 2.4 சதவீதம் தப்பு. 64 போட்டா சரியா 250. அதனால அடங்குற பிரிஸ்கேலர்லயே சின்னதுல இருந்து பாருங்க, மீதி வராததை எடுத்துக்கோங்க.

இப்போ 65536 வரை போகாம 62,500-லயே திரும்ப வைக்கணும். ஓவர்ஃப்ளோ ஆனதும் கவுன்ட்டர்ல 3036-ஐ எழுதி அங்கிருந்து எண்ண வைக்கலாம் (65536 − 62500). ஆனா வேற இன்டரப்ட் குறுக்க வந்து அப்படி எழுதுறது தாமதமானா, நடுவுல எண்ணின டிக்கெல்லாம் அழிஞ்சு போயிடும். அதைவிட சி.டி.சி. மோடு நல்லது. எந்த எண்ல திரும்பணும்னு சொல்லிட்டா ஹார்டுவேரே 0-க்கு போயிடும்:

```c
TCCR1A = 0;
TCCR1B = (1 << WGM12) | (1 << CS12);
TCNT1  = 0;
OCR1A  = 62499;
TIMSK1 = (1 << OCIE1A);
```

`CS12` மட்டும் போட்டா பிரிஸ்கேலர் 256. `WGM12` போட்டா சி.டி.சி. முதல் வரியை விட்டுடாதீங்க. ஆர்டுயினோ ஸ்டார்ட் ஆகும்போதே இந்த டைமரை பி.டபிள்யூ.எம்.முக்கு செட் பண்ணி வெச்சிருக்கும்.

ஏன் 62499? 0-வும் ஒரு டிக்தான். 0-ல இருந்து 62499 வரை எண்ணினாதான் மொத்தம் 62,500. மறந்து 62500 போட்டா ஒவ்வொரு செகண்டும் 16 மைக்ரோசெகண்ட் நீளும்; ஒரு நாளைக்கு 1.38 செகண்ட். செஸ்ல தெரியாது, சுவர்க் கடிகாரத்துல ஒரு மாசத்துல தெரிஞ்சிடும்.

உங்க டைமர் தப்பா ஓடினா, அளந்த நேரத்தை எதிர்பார்த்த நேரத்தால வகுத்துப் பாருங்க. எனக்கு வந்தது 1.0486. 65536-ஐ 62500-ஆல வகுத்தாலும் அதே எண்தான். 4 மடங்கு வந்தா பிரிஸ்கேலர் ஒரு படி தப்பியிருக்கலாம். கணக்கெல்லாம் சரியா இருந்தும் கொஞ்சம் விலகுதா? யூனோவில அந்த சிப்புக்கு க்ளாக் கொடுக்கிறது குவார்ட்ஸ் இல்ல, செராமிக் ரெசனேட்டர். அவ்வளவு துல்லியம் கிடையாது. அதை பிரிஸ்கேலரால சரிபண்ண முடியாது.

எங்க ரீமேட்ச் இந்த சனிக்கிழமை. இந்த தடவை போனும் பக்கத்துலயே ஓடும்.