கடையின் புது முகத்துக்குப் பின்னால்

பிறை ஜாலான் பாரு பக்கம் போனால், பழைய கடைவரிசைகள் பளபளவென்று புது முகம் போட்டுக்கொள்வதைப் பார்க்கலாம். உணவகம், முடிதிருத்தகம், நகைக்கடை என்று எல்லா முகப்பிலும் அலுமினியக் கூட்டுப்பலகை. குத்தகைக்காரரிடம் நாம் முதலில் நிறத்தைக் கேட்கிறோம், அடுத்து விலையைக் கேட்கிறோம். பலகைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு.

இந்தப் பலகை முழு அலுமினியம் அல்ல. இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் அடுக்கை ஒட்டியிருப்பார்கள். தரமான 4 மில்லிமீட்டர் பலகையில் தகடு ஒவ்வொன்றும் 0.5 மில்லிமீட்டர் இருக்கும், மீதி 3 மில்லிமீட்டர் நடு அடுக்கு. சாதாரண வகையில் அந்த அடுக்கு பாலிஎதிலீன். தீத்தடுப்பு வகையில் பெரும்பகுதி எளிதில் எரியாத கனிமத் தூள்.

பாலிஎதிலீன் எரிந்தால் மெழுகுவர்த்தி போல உருகிச் சொட்டும். 2017 ஜூன் 14 அன்று லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 பேர் உயிரிழந்த தீ வேகமாகப் பரவ முக்கியக் காரணம் இந்த வகைப் பலகைதான். நம் நாட்டிலும் 2018 பிப்ரவரி 13 அன்று பெட்டாலிங் ஜெயாவில் ஊழியர் சேமநிதி வாரியக் கட்டடம் தீப்பிடித்தபோது, வெளிச்சுவர்ப் பலகை வழியாகத் தீ பரவியது. நம் கடைவீடுகள் இரண்டு மாடிதான். ஆனால் மேல்மாடியில் ஆட்கள் தங்கியிருக்கலாம். பெயர்ப்பலகை விளக்குகளின் மின்கம்பி ஓடுவதும் பலகைக்குப் பின்னால்தான்.

வந்து இறங்கிய பலகை எந்த வகை? ஒரு தராசு போதும், ஓரளவு தெரிந்துவிடும். 8 அடிக்கு 4 அடி, 4 மில்லிமீட்டர் பலகை சாதாரண வகையானால் சுமார் 16 கிலோ, தீத்தடுப்பு வகையானால் சுமார் 22 கிலோ இருக்கும். 3 மில்லிமீட்டர் பலகையில் தகடு 0.21 மட்டுமே என்றால் 10 கிலோ சொச்சம்தான். இது வெறும் தடயம்தான். பலகையின் பெயருக்குரிய தீச்சோதனைச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். தீத்தடுப்பு என்றால் எரியவே எரியாது என்று பொருளல்ல, தீ பரவும் வேகம் குறையும்.

அடுத்தது பொருத்தும் விதம். வெயில் பட்டால் இந்தப் பலகை நீளும். 100 டிகிரி வெப்ப மாற்றத்துக்கு மீட்டருக்கு 2.4 மில்லிமீட்டர். மழை இரவில் 25 டிகிரியில் இருக்கும் கறுப்புப் பலகை, நண்பகல் வெயிலில் 70 வரை போகலாம். வித்தியாசம் 45 டிகிரி. அப்படியானால் 20 அடிக் கடை முகப்பு ஒரே நாளில் ஆறரை மில்லிமீட்டர் நீள வேண்டும். ஐந்து பலகைகளை இடைவெளியின்றி நெருக்கிப் பொருத்திவிட்டால் அந்த நீளத்துக்கு எங்கே இடம்? பலகை வயிறு தள்ளும், ஒட்டிய ஓரம் பிய்யும்.

அதனால்தான் சட்டகம் தேவைப்படுகிறது. சுவரில் கோணத் துண்டுகளைப் போல்ட் போட்டு இறுக்கி, அவற்றின்மேல் அலுமினியக் குழல்களைத் தூக்குநூல் பிடித்து நேராக நிறுத்துவார்கள். பலகையின் பின்பக்கத்தில் வி வடிவில் பள்ளம் வெட்டி, நான்கு ஓரத்தையும் மடித்துத் தட்டுபோல ஆக்குவார்கள். பள்ளம் முன்தகட்டைத் தொடக்கூடாது. தொட்டால் மடிக்கும் இடத்தில் வெடிக்கும். மடித்த ஓரத்தில் சிறு கோணங்களை ரிவிட் அடித்து, அவற்றைச் சட்டகத்தில் திருகுவார்கள்.

சூட்சுமம் அந்தக் கோணங்களின் துளையில் இருக்கிறது. ஓரிடத்தில் வட்டத்துளை, அது பலகையை அசையாமல் பிடிக்கும். மற்ற இடங்களில் நீள்துளை, பலகை அங்கே நகர்ந்துகொள்ளும். இரண்டு பலகைகளுக்கு நடுவில் 10 முதல் 15 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, உள்ளே நுரைக்கயிறு வைத்து, மேலே சிலிகான் பூசுவார்கள். ஒவ்வொரு பலகையும் ஒன்றேகால் மில்லிமீட்டர் அளவுக்கு நீண்டாலும், ரப்பர் போன்ற அந்தச் சிலிகான் அதைத் தாங்கிக்கொள்ளும்.

பிறை கடலோர ஊர் என்பதால் திருகாணியிலும் கவனம் வேண்டும். சாதாரண இரும்புத் திருகாணி உப்புக்காற்றில் துருப்பிடித்துப் பலகையில் பழுப்புக்கோடு வடிக்கும். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி கேளுங்கள். கீழ் ஓரத்தைச் சிலிகானால் முழுதும் அடைக்க விடாதீர்கள். உள்ளே புகுந்த மழைநீர் வடிய வழி வேண்டும்.

விலைப்பட்டியலில் தகட்டின் கனம், நடு அடுக்கின் வகை, சட்டகத்தின் உலோகம், இடைவெளியின் அளவு ஆகிய நான்கையும் எழுதித் தரச் சொல்லுங்கள். வேலை முடிந்தபின், வெயில் முகப்பில் நேராக விழும் ஒரு நாளில் கடையோரமாக நின்று பக்கவாட்டில் பாருங்கள். பலகைகள் ஒரே கோடாகத் தெரிந்தால் மீதிப் பணத்தைக் கொடுக்கலாம். அலையலையாகத் தெரிந்தால், குத்தகைக்காரரையும் பக்கத்தில் நிற்கவைத்துக் காட்டிவிட்டு அப்புறம் பேசுங்கள்.