எல்லாருக்கும் எட்டும் சுருதி

கல்லூரி முடிந்து பல வருடம் கழித்து ஏற்காட்டிலோ கொடைக்கானலிலோ கூடும் நண்பர்கள், இரவுச் சாப்பாடு முடிந்ததும் விறகை அடுக்கித் தீ மூட்டுவார்கள். யாராவது ஒருவர் கிடார் கொண்டுவந்திருப்பார். முதல் பாட்டின் பல்லவியை இருபது குரல்கள் சேர்ந்து பாடும். சரணம் தொடங்கியதும் அது ஐந்தாகும், பிறகு இரண்டாகும். மற்றவர்கள் வரிகளைத் தேடி மொபைலைத் திறந்திருப்பார்கள். அந்த வெளிச்சம் முகத்தில் பட்ட பிறகு பாட்டு மீள்வது கடினம்.

வரி மறந்துபோனதுதான் காரணம் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். கவனித்துப் பார்த்தால், வரி தெரிந்தவர்களும் அதே இடத்தில்தான் நிறுத்தியிருப்பார்கள். சரணத்தில் மெட்டு மேலே ஏறுகிறது, தொண்டை எட்டவில்லை. எட்டாத இடத்தில் முனகக்கூட முடியாது. ஆகவே தீயைச் சுற்றிப் பாட எந்தப் பாட்டு என்பதற்கு முன், எந்தச் சுருதி என்பதை முடிவுசெய்ய வேண்டும்.

திரைப்பாடல்களின் சுருதி டி.எம்.எஸ்., எஸ்.பி.பி., சுசீலா போன்றவர்களின் தொண்டைக்காக வைக்கப்பட்டது. நமக்காக அல்ல. கர்நாடக சங்கீதம் பழகியவர்களுக்கு இந்தச் சிக்கல் வீட்டிலேயே தெரியும். ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டையை ஒட்டிப் பாடுவார்கள், பெண்கள் ஐந்து கட்டையை ஒட்டி. அப்பாவும் மகளும் சேர்ந்து பாட உட்கார்ந்தால் ஒருவருக்குத் தாழ்ந்துபோகும், இல்லை மற்றவருக்கு உயர்ந்துபோகும். ஆணும் பெண்ணும் கலந்த, ஐம்பதைத் தாண்டிய, பயிற்சியில்லாத ஒரு கூட்டத்துக்கு இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் வேண்டும்.

அந்த இடத்தைக் கிடாரிலேயே கண்டுபிடிக்கலாம். ஐந்தாவது கம்பியைக் கட்டம் எதையும் அழுத்தாமல் மீட்டினால் வருவது ஏ. இரண்டாவது கம்பியில் மூன்றாவது கட்டத்தை அழுத்தி மீட்டினால் வருவது டி. இந்த இரண்டு ஒலிகளுக்கும் நடுவே உள்ள தூரத்தைச் சாதாரண ஆண் குரல் சிரமமில்லாமல் கடக்கும். பெண்கள் அதே சுரங்களை ஒரு ஸ்தாயி மேலே பாடுவார்கள், அவர்களுக்கும் அது பெரும்பாலும் எட்டும். இந்த எல்லைக்குள் அடங்கும் மெட்டு கூட்டத்துக்கு உகந்தது. அடங்காதது, எவ்வளவு பிடித்த பாட்டாக இருந்தாலும், நான்கு பேருக்கான பாட்டாகவே முடியும்.

நம் மெட்டுகளில் கணிசமானவை கீழ்ப் பஞ்சமத்துக்கும் மேல் ஷட்ஜத்துக்கும் இடையில் நடப்பவை. ஷட்ஜத்தை இரண்டு கட்டையில், அதாவது டி-யில் வைத்தால் கீழ்ப் பஞ்சமம் அந்த ஐந்தாவது கம்பியின் ஏ-யாகவும், மேல் ஷட்ஜம் இரண்டாவது கம்பியின் டி-யாகவும் வந்து நிற்கும். எல்லைக்குள் கச்சிதமாகப் பொருந்துகிறது. கிடார் வாசிப்பவருக்கும் இது வசதி. டி, ஜி, ஏ என்ற மூன்று கார்டுகளுக்கும் விரலைக் குறுக்கே படுக்கவைத்து எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் வேலை இல்லை.

ஒரு கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கிடார்க்காரர் பழக்கதோஷத்தில் ஜி-யில் தொடங்கினார். பல்லவி நன்றாகப் போனது. மெட்டு மேல் ஷட்ஜத்தைத் தொட்டதும் அது ஜி-யாகிவிட்டது. நம் எல்லையான டி-யைவிட ஐந்து படி மேலே. "டேய், கொஞ்சம் இறக்குடா" என்று ஒரு தோழி கத்தினாள். அவர் டி-க்கு மாற்றிப் பல்லவியைத் தொடங்கியபோது முதல் வரி எல்லாருக்கும் ரொம்பக் கீழே இருப்பதுபோலத் தோன்றியது, இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். சரணம் வந்ததும் முதல்முறையாக அத்தனை பேரும் உச்சியில் இருந்தார்கள். தொடக்கம் சற்றுத் தாழ்வாக, பேச்சுக்குரல்போல இருப்பதுதான் சரியான சுருதிக்கு அடையாளம். எனவே பாட்டைத் தொடங்குமுன் பல்லவியைப் பாடிப் பார்க்காதீர்கள். சரணத்தின் உயர்ந்த இடத்தை முனகிப் பாருங்கள், அது சுகமாக வந்தால் அங்கிருந்து இறங்கி வந்து தொடங்குங்கள்.

மேல் காந்தாரம் வரை ஏறும் பாட்டுகளும் உண்டு. அதை டி-க்குள் அடக்க ஷட்ஜத்தை இறக்கினால், அடிப்பகுதி தரையைத் தட்டும். அப்படிப்பட்ட பாட்டை நன்றாகப் பாடும் ஒருவரிடம் விட்டுவிட்டு, மற்றவர்கள் தம்புராபோலச் சுருதி பிடிப்பது நல்லது. டி, ஜி கார்டுகள் ஒலிக்கும்போது ஷட்ஜத்தையும், ஏ வரும்போது பஞ்சமத்தையும் முனகினால் போதும். மெட்டே தெரியாதவர்களும் இதில் சேரலாம். நான் கேட்ட தீச்சுற்றுப் பாட்டுகளில் மிக அழகாக அமைந்தவை இப்படி அமைந்தவைதான்.

உலகம் முழுக்கச் சாரணர் முகாம்களில் பாடப்படும் 'கும்பயா' ஏன் இவ்வளவு பரவியது என்பதற்கு விடையும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. இது அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையோரக் கறுப்பின மக்களின் பக்திப்பாட்டு. நாட்டுப்பாடல் சேகரித்த ராபர்ட் வின்ஸ்லோ கார்டன் 1926-ல் ஜார்ஜியா மாநிலத்தின் டேரியன் ஊரில் எச். வைலி என்பவர் பாடியதை மெழுகு உருளையில் பதிவுசெய்தார். அந்த ஒலிப்பதிவு இன்றும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது. 1950-களிலும் 60-களிலும் நாட்டுப்பாடல் அலை எழுந்தபோது ஜோன் பயஸ் போன்றவர்கள் பாடி இதை ஊரெங்கும் கொண்டுபோனார்கள். அடிமைப்படுத்தப்பட்டவர்களின் சந்ததியினர் கடவுளைத் துணைக்கு அழைத்த பாட்டு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பாடுவது மரியாதை.

பரவலாகப் பாடப்படும் அதன் மெட்டை எடுத்துப் பாருங்கள். ஷட்ஜத்தில் தொடங்கிக் காந்தாரம், பஞ்சமம் என்று மூன்று படியில் ஏறுகிறது. பஞ்சமத்திலேயே நின்று, தைவதத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. அதற்கு மேல் ஒருபோதும் போவதில்லை, ஷட்ஜத்துக்குக் கீழேயும் இறங்குவதில்லை. மொத்தம் ஆறு சுரத்து உயரம். டி-யில் வைத்தால் எல்லைக்குள் இருபுறமும் இடம் மிச்சம். நான்கு வரிகளில் மூன்றாவது வரி முதல் வரியின் மறுபதிப்பு, ஆகவே இரண்டு வரி கேட்டவருக்கு முக்கால் பாட்டு வந்துவிடும். ஒவ்வொரு வரியின் முடிவிலும் மூச்சு வாங்க நீண்ட இடம். அடுத்த சுற்றுக்கு ஒரே ஒரு சொல் மாறும், அதை ஒருவர் முன்கூட்டிச் சொன்னால் மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். நம் பஜனையில் நாமாவளி நடப்பதும் இப்படித்தான். ஒருவர் எடுத்துக்கொடுக்க, கூட்டம் திருப்பிப் பாடும். யாருக்கும் புத்தகம் தேவைப்படுவதில்லை.

இந்த உரைகல்லில் நம் பாட்டுகளைத் தேய்த்துப் பார்க்கலாம். பழைய மாணவர்கள் கூடினால் 'பசுமை நிறைந்த நினைவுகளே' வராமல் இருக்காது. 1963-ல் வந்த 'ரத்தத் திலகம்' படத்துக்காகக் கண்ணதாசன் எழுதி, கே.வி. மகாதேவன் இசையமைத்து, டி.எம்.எஸ்.ஸும் சுசீலாவும் பாடியது. கல்லூரியை விட்டுப் பிரியும் மாணவர்களின் பாட்டு என்பதால் அது நண்பர் கூட்டத்துக்கே சொந்தமாகிவிட்டது. ஆண் ஒரு வரி, பெண் ஒரு வரி என்று மாறி மாறிப் பாடப் பிரித்துக்கொண்டால் ஒவ்வொரு பக்கமும் பாதி நேரம் ஓய்வெடுக்கலாம். வரி தெரியாதவர்கள் எதிர்ப்பக்கம் பாடும்போது முனகிக் கற்றுக்கொள்வார்கள்.

'இளைய நிலா' வேறு மாதிரி. 1982-ல் 'பயணங்கள் முடிவதில்லை' படத்துக்கு இளையராஜா இசையில் ஆர். சந்திரசேகர் வாசித்த அந்தக் கிடார், தமிழ்நாட்டில் எத்தனையோ பேரைக் கிடார் வாங்க வைத்தது. ஆனால் கம்பி கம்பியாக விரலால் மீட்டும் அந்த நாதம் திறந்தவெளியில் மூன்றடி தாண்டாது. ஒலியைத் திருப்பியனுப்பச் சுவர் இல்லை, விறகு வெடிக்கும் சத்தம் வேறு. தீயருகே பிளெக்ட்ரம் வைத்து, ஒரு தாளத்துக்கு ஒரு வீச்சாக எல்லாக் கம்பிகளையும் மேலிருந்து கீழே தட்டுவதுதான் காதில் விழும். 'இளைய நிலா'வை உள்ளே, ஹாலில், எல்லாரும் தூங்கப்போகும் முன் வாசிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

திரைப்பாட்டு தடுக்கி விழும் இன்னோர் இடம் இடையிசை. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வயலின்களும் குழலும் நிரப்பிய நேரத்தை ஒற்றைக் கிடார் நிரப்ப முடியாது. எட்டுத் தட்டு வாசித்துவிட்டுச் சரணத்துக்குள் நுழைவதே வழி. இல்லையென்றால் அந்த எட்டுத் தட்டில் பல்லவியின் கடைசி வரியை எல்லாரும் முனகலாம். வாயை மூடி 'ம்' என்று முனகினால் தாழ்ந்த சுரங்கள் இனிமையாக வரும், உச்சியில் ஒலி மெலிந்துவிடும். அங்கே வாயைத் திறக்க வேண்டும். அதற்கு நம் கும்மிப் பாட்டிலும் நடவுப் பாட்டிலும் தயாராக இருக்கிறது 'தன்னானே'. வரி மறந்த இடத்தில் அதைப் போட்டுப் பாடினால் மெட்டும் தாளமும் அறுபடாது.

தீயும் கிடாரும் ஒத்துப்போகாதவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரும்புக் கம்பி குளிரில் சுருங்கும், இழுவிசை கூடிச் சுருதி ஏறும். சூட்டில் நீண்டு தளரும், சுருதி இறங்கும். அறைக்குள் சுருதி சேர்த்துவிட்டு மலைக்குளிரில் வந்து உட்கார்ந்தால் இரண்டாவது பாட்டுக்குள் பிசகிவிடும். வாசிக்கப்போகும் இடத்தில் கால்மணி நேரம் கிடாரைச் சும்மா வைத்திருந்து, பிறகு சுருதி சேர்க்க வேண்டும். தீயிலிருந்து ஆறடியாவது தள்ளி உட்கார வேண்டும். அருகே வைத்தால் மரப்பலகை உலர்ந்து சுருங்கி விரிசல் விடும், ஒட்டுப்பசை இளகும். கையால் தொட்டுப் பார்த்தால் பலகை வெதுவெதுப்பாக இருந்தால் அப்போதே பின்னால் நகர வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, புகை வராத பக்கத்தில் பாடுபவர்களை உட்கார வைப்பதும் அதே அளவு முக்கியம். புகை விழுந்த தொண்டை முதலில் இழப்பது மேல் சுரங்களை.

நேரம் ஆக ஆகப் பேசியும் சிரித்தும் குரல் தளரும். அப்போது இரண்டு கட்டையை ஒன்றரைக்கோ ஒன்றுக்கோ இறக்கலாம். கார்டுகளை மாற்றத் தெரியாதவர் ஆறு கம்பிகளையும் ஒரே அளவாகத் தளர்த்திவிட்டு அதே விரல்களோடு தொடரலாம். பிறகு உயர்த்தத் தேவைப்பட்டால் கேபோ இருக்கிறது, அது ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆர்மோனியத்தின் அடுத்த கட்டைக்கு, கறுப்போ வெள்ளையோ, ஏற்றிக்கொடுக்கும்.