முப்பதாயிரம் சம்பளம், கைக்கு எவ்வளவு?

கோவில்பட்டியிலோ சங்கரன்கோவிலிலோ இருக்கும் ஒரு பெண்ணுக்குச் சென்னை ஐ.டி. கம்பெனியில் ‘மூணு அறுபது’ சம்பளத்தில் வேலை கிடைத்ததும் வீட்டில் அதைப் பன்னிரண்டால் வகுத்துவிடுகிறார்கள். மாதம் முப்பதாயிரம்! சொந்தக்காரர்களுக்குப் போகும் எண்ணும் அதுதான். தம்பியின் காலேஜ் பீஸ், அம்மாவின் சீட்டுப் பணம், கல்விக் கடன் தவணை எல்லாம் அந்த முப்பதாயிரத்தை நம்பியே பேசப்படுகின்றன.

அந்த எண் பொய்யில்லை. ஆனால் அது சி.டி.சி., அதாவது அந்தப் பெண்ணுக்காகக் கம்பெனி ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகை. ஆபர் லெட்டரின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் அட்டவணையைப் பார்த்தால் விவரம் தெரியும்.

ஒரு கணக்குப் போடுவோம். மொத்தம் 3,60,000 ரூபாய். அடிப்படைச் சம்பளம் மாதம் 15,000. வேலைத் திறனைப் பார்த்துப் பின்னால் தரும் தொகை 24,000 என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி தன் பங்காகக் கட்டும் பி.எஃப். 21,600. பணிக்கொடைக்கு ஏறத்தாழ 8,600. இதைப் பார்க்கப் பொதுவாக ஐந்து ஆண்டு அதே கம்பெனியில் இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீட்டுக்கு 6,000. எல்லாம் போக மிச்சம் சுமார் மூன்று லட்சம், மாதத்துக்கு 25,000. அதிலும் அவள் பங்கு பி.எஃப். 1,800 பிடிப்பார்கள். மாநகராட்சியின் தொழில் வரி ஆறு மாதத்துக்கு 1,250. வங்கிக் கணக்கில் விழுவது 23,000 ரூபாய்.

இதைவிடப் பெரிய இடி முதல் சம்பளம் வரும் தேதி. பல கம்பெனிகளில் சம்பளக் கணக்கை 20ஆம் தேதி வாக்கில் மூடிவிடுவார்கள். 22ஆம் தேதி சேர்ந்தால் அந்த மாதத்தின் மிச்ச நாள்களுக்கான சம்பளமும் அடுத்த மாதக் கடைசியில்தான் சேர்ந்து வரும். கிட்டத்தட்ட நாற்பது நாள் கைக்காசில் ஓட்ட வேண்டும். ஹாஸ்டல் வாடகை 8,500, அட்வான்ஸ் அதே அளவு, அடுத்த மாத வாடகை இன்னொரு 8,500. மதியச் சாப்பாடு, ஷேர் ஆட்டோ, பக்கெட், தலையணை என்று பார்த்தால் முப்பதாயிரத்தைத் தாண்டிவிடுகிறது. சம்பளம் வாங்கப் போனவள் வீட்டிலிருந்து பணம் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்கக் கூச்சப்பட்டு மொபைல் ஆப்பில் கடன் வாங்குபவர்களும் உண்டு. அந்த வட்டி அடுத்த சில மாதச் சம்பளத்தை அரித்துவிடும். சேரும் தேதி தெரிந்ததுமே ‘முதல் சம்பளம் எப்போது?’ என்று எச்.ஆரிடம் கேட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அப்படிக் கேட்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

ஓ.எம்.ஆர். பக்கம் பெருங்குடி, துரைப்பாக்கம், காரப்பாக்கம், சோழிங்கநல்லூர் என்று ஹாஸ்டல்களுக்குக் குறைவில்லை. ஆனால் போனில் போட்டோ பார்த்து அட்வான்ஸ் அனுப்புவது வம்பு. இரவு எட்டு மணிக்கு நேரில் போய்ப் பார்ப்பது நல்லது. அந்த நேரத்தில் எல்லோரும் வேலை முடிந்து வந்திருப்பார்கள். குழாயில் தண்ணீர் வருகிறதா, அது உப்புத் தண்ணீரா, ஒரு பாத்ரூமுக்கு எத்தனை பேர் என்பதெல்லாம் தெரிந்துவிடும். கரண்ட் பில் வாடகையில் சேர்த்தியா, ஷிப்ட் முடிந்து பத்து மணிக்கு வந்தால் சாப்பாடு எடுத்து வைப்பார்களா, காலி செய்ய எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், அட்வான்ஸில் ‘மெயின்டனன்ஸ்’ என்று எவ்வளவு கழிப்பார்கள் என்பவற்றையும் கேட்டு, ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் பெண்கள் விடுதி நடத்த 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். அதைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசு நடத்தும் தோழி விடுதிகள் தாம்பரம், கூடுவாஞ்சேரி போன்ற இடங்களில் இருக்கின்றன. ஓ.எம்.ஆர். வேலைக்கு அங்கிருந்து தினமும் வருவது அலைச்சல்தான்.

பட்ஜெட்டில் பலரும் மறப்பது ஊருக்குப் போய்வரும் செலவை. ரயில் முன்பதிவு 60 நாள் முன்பு காலை எட்டு மணிக்குத் திறக்கிறது. தீபாவளி, பொங்கல் சமயத்தில் நெல்லை, பொதிகை ரயில்களின் படுக்கைகள் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். விட்டால் ஆம்னி பஸ்தான்; பண்டிகைக் கட்டணம் ஒருமுறை போய்வரவே ஒரு வார ஹாஸ்டல் வாடகையைத் தாண்டும். புதிதாகச் சேர்ந்தவருக்கு லீவு கிடைக்குமா என்பதும் அப்போது தெரியாது. லீவு உறுதியாகும்வரை காத்திருக்காமல் முதல் நாளே டிக்கெட் போட்டுவிடுகிறார்கள் விவரம் தெரிந்த சீனியர்கள். லீவு கிடைக்காமல் கேன்சல் செய்தாலும், முன்கூட்டியே செய்தால் ஸ்லீப்பர் டிக்கெட்டில் பிடிக்கும் பணம் ஆம்னி பஸ் கட்டணத்துக்குப் பக்கத்தில்கூட வராது.