இரவு 1.40, மூச்சு 34

“இரவு மூச்சுத்திணறல் இருந்தது. ஆக்சிஜன் வைக்கப்பட்டது. டாக்டரிடம் சொல்லப்பட்டது. இப்போது பரவாயில்லை.”

ஒரு நோயாளியின் கேஸ் ஷீட்டில் நைட் டியூட்டி செவிலியர் இப்படி எழுதிவிட்டுப் போனதாக வைத்துக்கொள்வோம். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் காலையில் ரவுண்ட்ஸ் வரும் மருத்துவருக்கு இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. திணறல் எப்போது தொடங்கியது, எவ்வளவு ஆக்சிஜன் போனது, எந்த டாக்டரிடம் என்ன சொல்லப்பட்டது என்று எதற்கும் பதில் இல்லை. “பரவாயில்லை” என்று சொன்னது நோயாளியா, செவிலியரா என்பதுகூடத் தெரியவில்லை.

இந்தக் குறையைப் போக்க வந்த முறைகளில் ஒன்றுதான் டி.ஏ.ஆர். குறிப்பு. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரச் செவிலியர்கள் இதை உருவாக்கினார்கள். இன்று பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளில் மிகப் பரவலாகப் புழங்குகிறது. முதலில் கவனத்துக்குரிய பிரச்சினை ஒன்றைத் தலைப்பாக எழுத வேண்டும். அதன்கீழ் டேட்டா, அதாவது கண்டதும் கேட்டதும் அளந்ததும். பிறகு ஆக்‌ஷன், என்ன செய்யப்பட்டது. கடைசியில் ரெஸ்பான்ஸ், செய்ததற்கு நோயாளியின் உடல் என்ன பதில் சொன்னது.

ஒரு கற்பனை நோயாளியை எடுத்துக்கொள்வோம். வயது 64. இதயம் பலவீனமாகி, கால் வீக்கத்தோடு வார்டில் சேர்ந்தவர். இரவு 10 மணிக்கு ஆக்சிஜன் இல்லாமலே அவருடைய ஆக்சிஜன் அளவு 95 சதவீதம். நிமிடத்துக்கு 20 மூச்சு. தூங்கிவிட்டார். 1.40க்கு அவருடைய மனைவி ஓடிவருகிறார்: “சிஸ்டர், அவருக்குப் படுக்கவே முடியலை, எழுந்து உக்காந்துட்டாரு.”

படுத்த பிறகு திணறல் வருவதற்குக் காரணம் உண்டு. பகலெல்லாம் காலில் தேங்கிய நீர், படுக்கும்போது மெல்ல ரத்தத்துக்குத் திரும்புகிறது. பலவீனமான இதயத்தால் அதைத் தள்ளிவிட முடிவதில்லை. நுரையீரலில் நீர் கோக்கிறது. தூங்கி ஓரிரு மணி நேரத்தில் திணறி விழித்து எழுந்து உட்காருவது இந்த நோயின் பழகிய அடையாளம். அதனால் “எழுந்து உக்காந்துட்டாரு” என்ற மனைவியின் வாக்கியம் வெறும் பதற்றப் பேச்சு அல்ல. அது அப்படியே டேட்டாவில் ஏற வேண்டும்.

செவிலியர் எழுதும் குறிப்பு இப்படி இருக்கலாம் (நம் மருத்துவமனைகளில் இது ஆங்கிலத்தில்தான் எழுதப்படும்):

“மூச்சுத்திணறல் அதிகரிப்பு. 1.40. டேட்டா: ‘படுத்தா மூச்சு அடைக்குது’ என்கிறார். கட்டில் ஓரத்தில் முன்சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். ஒரு மூச்சில் இரண்டு மூன்று சொல்லுக்குமேல் பேச முடியவில்லை. மூச்சு 34, நாடி 118, ரத்த அழுத்தம் 168/96, ஆக்சிஜன் அளவு 87, ஆக்சிஜன் வைக்காத நிலையில். இருபுறமும் மார்பின் நடுப்பகுதிவரை நீர்க்குமிழ் ஒலி. வியர்வை. நினைவு தெளிவு. நெஞ்சுவலி இல்லை என்கிறார். 10 மணிக்கு மூச்சு 20, ஆக்சிஜன் அளவு 95.”

“திணறல் அதிகம்” என்ற தீர்ப்பை இந்தக் குறிப்பின் டேட்டா சொல்லவில்லை. எத்தனை சொல் பேச முடிகிறது என்று சொல்கிறது. “நுரையீரலில் நீர்” என்ற முடிவுக்கும் போகவில்லை. காதில் கேட்ட ஒலியை மட்டும் எழுதுகிறது. கடைசி வரியில் 10 மணிக் கணக்கைச் சேர்த்ததால்தான், நாலு மணி நேரத்துக்குள் நிலைமை எவ்வளவு சரிந்தது என்று படிப்பவருக்குப் புரிகிறது.

மூச்சின் எண்ணிக்கை பல வார்டுகளில் குத்துமதிப்பாக எழுதப்படும் எண். எல்லா நோயாளிக்கும் வரிசையாக 20 என்று இருந்தால் யாரும் எண்ணவில்லை என்று அர்த்தம். முழு நிமிடம் எண்ண வேண்டும். அதுவும் சொல்லாமல் எண்ண வேண்டும், சொன்னால் நோயாளி தன்னையறியாமல் மூச்சை மாற்றிக்கொள்வார். நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டு மார்பைக் கவனிப்பது பழைய, நல்ல வழி. ஆக்சிஜன் அளவு இன்னும் சரியாமல் இருக்கும்போதே மூச்சு வேகமெடுத்துவிடுவது உண்டு. பிரிட்டனில் புழங்கும் எச்சரிக்கை மதிப்பெண் முறையில், நிமிடத்துக்கு 25 மூச்சைத் தொட்டாலே அந்த ஒரு அளவுக்கான உச்ச மதிப்பெண் விழுகிறது.

“ஆக்‌ஷன்: 1.42 நிமிர்த்தி உட்கார வைத்து, கால்களைத் தொங்கவிட்டு, முகமூடி வழியே ஆக்சிஜன் நிமிடத்துக்கு 6 லிட்டர். 1.45 டியூட்டி டாக்டருக்கு போன்; மேற்கண்ட அளவுகள் சொல்லப்பட்டன; உடனே வருவதாகச் சொன்னார். ரெஸ்பான்ஸ், 1.52: ஆக்சிஜன் அளவு 93, 6 லிட்டரில். மூச்சு 34. இன்னும் இரண்டு மூன்று சொல்தான்.”

93 என்று மட்டும் எழுதியிருந்தால் படிப்பவர் நிம்மதியாகப் பக்கத்தைத் திருப்பியிருப்பார். ஆறு லிட்டர் கொடுத்தும் 93தான், மூச்சு ஒன்றுகூடக் குறையவில்லை என்று பக்கத்திலேயே இருப்பதால்தான் ஆபத்து தெரிகிறது. எவ்வளவு ஆக்சிஜனில் என்ற விவரம் இல்லாத அளவு, மூச்சுத்திணறல் குறிப்பில் பெரும் பிழை. நாள்பட்ட புகைப்பிடித்தலால் நுரையீரல் கெட்டவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அவர்களில் பலருக்கு இலக்கே 88 முதல் 92 வரைதான். அதற்குமேல் ஏற்றினால் ரத்தத்தில் கரியமில வாயு சேரக்கூடும்.

பிரச்சினை தீரவில்லை என்றால் ரெஸ்பான்ஸோடு பேனாவை மூட முடியாது. அது அடுத்த செயலுக்கான டேட்டா ஆகிறது. 1.58க்கு டாக்டர் வந்து பார்த்து, நீர் பிரிக்கும் ஃப்யூரோஸ்மைடு ஊசி 40 மில்லிகிராம் நரம்பில் போடச் சொல்கிறார், 2.02க்குப் போடப்படுகிறது. இ.சி.ஜி. எடுக்கப்படுகிறது. 2.40க்கு: சிறுநீர் 400 மில்லி, மூச்சு 26, முழு வாக்கியம் பேசுகிறார். 3.20க்கு: மூச்சு 22, ஆக்சிஜன் அளவு 96, 4 லிட்டரில், குமிழ் ஒலி அடிப்பகுதியில் மட்டும். இதுதான் “பரவாயில்லை” என்பதன் முழு வடிவம்.

இதே இடத்தில் ஒரு பொறியும் இருக்கிறது. மூச்சு 34லிருந்து 14க்கு இறங்கி, நோயாளி அமைதியாகக் கண்மூடிக் கிடந்தால், அது குணமாக இருக்கலாம்; மூச்சுத் தசைகள் ஓய்ந்து போனதாகவும் இருக்கலாம். எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். அதனால் ரெஸ்பான்ஸில் கூப்பிட்டால் விழிக்கிறாரா, தெளிவாகப் பேசுகிறாரா என்பது எழுதப்பட்டே ஆக வேண்டும். கூப்பிட்டும் சரியாக விழிக்காதவரைத் “தூங்குகிறார்” என்று எழுதுவது உயிருக்கே உலை வைக்கும்.

இவ்வளவையும் அந்த நேரத்திலேயே எழுத முடியுமா என்ற கேள்வி நியாயமானது. ஒரே செவிலியர் ஒரு வார்டு முழுவதையும் பார்க்கும் இரவில், கை முதலில் நோயாளியிடம்தான் இருக்க வேண்டும். நேரத்தையும் அளவையும் துண்டுச்சீட்டில் கிறுக்கிவைத்துக்கொண்டு பிறகு எழுதலாம். அப்போது 4.10க்கு எழுதுகிறோம் என்றும், நடந்தது 1.40க்கு என்றும் இரண்டு நேரத்தையும் போட வேண்டும். தவறாக எழுதியதை வெள்ளை மையால் மறைக்கக் கூடாது. ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் கையெழுத்திட்டு, சரியானதை எழுத வேண்டும். அடித்தது என்ன என்பதும் படிக்கத் தெரிய வேண்டும்.