பெட்டியில் இருப்பதே படிவத்திலும்

வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் போகும் ஒவ்வொரு பார்சலுக்கும் இரண்டு தாள்கள் தேவை. ஒன்று பேக்கிங் லிஸ்ட். எந்தப் பெட்டியில் எந்தப் பொருள், எத்தனை உருப்படி, என்ன எடை என்று அது சொல்லும். அதில் விலை இருக்க வேண்டிய அவசியமில்லை. மற்றொன்று சுங்க அறிவிப்பு. தபாலில் சிறிய பொட்டலம் என்றால் சி.என். 22 என்ற படிவம், மதிப்பு கூடினால் சி.என். 23. பேக்கிங் லிஸ்ட் பெட்டியைத் திறப்பவருக்கு. சுங்க அறிவிப்போ, பெட்டியைத் திறக்காமலேயே உள்ளே விடலாமா என்று முடிவு செய்யும் அதிகாரிக்கு.

இரண்டுமே ஒரே ஆர்டரிலிருந்துதான் எழுத வேண்டும். ஆனால் ஆர்டர் வந்த நிமிடத்துக்கும் பெட்டிக்கு டேப் ஒட்டும் நிமிடத்துக்கும் நடுவில் பொருள் மாறலாம், எண்ணிக்கை குறையலாம், விலையில் தள்ளுபடி நுழையலாம். சிறு வியாபாரிகளின் பார்சல்கள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் என்று நினைக்கிறேன்.

ஓர் ஆர்டரை எடுத்துக்கொள்வோம். கரூரில் கைத்தறித் துணியும் பித்தளைச் சாமானும் விற்கும் ஒரு சிறிய கடை. ஜெர்மனியில் இருக்கும் ஒருவர் பருத்தி மேஜை விரிப்பு ஒன்று 38 யூரோ, நாப்கின் ஆறு 24 யூரோ, பித்தளை டவரா டம்ளர் இரண்டு செட் 28 யூரோ என்று வாங்குகிறார். கூட்டினால் 90. கடை 10 சதவீதம் தள்ளுபடி தருகிறது. பொருளுக்கு அவர் கட்டியது 81 யூரோ. தபால் செலவு தனி.

படிவத்தில் என்ன மதிப்பு எழுதுவது? பழைய விலைப்பட்டியலைப் பார்த்து 90 என்று எழுதிவிடுபவர்கள் உண்டு. எழுத வேண்டியது 81. அதையும் மொத்தமாக எழுதினால் போதாது. ஒவ்வொரு வரியிலும் தள்ளுபடியைக் கழித்தாக வேண்டும். விரிப்பு 34.20, நாப்கின் 21.60, டவரா டம்ளர் 25.20. ஐரோப்பிய ஒன்றியத்தில் 22 யூரோ வரையிலான பொருளுக்கு இருந்த வரிவிலக்கு 2021 ஜூலை 1-ஆம் தேதியோடு போய்விட்டது. இப்போது சிறிய பார்சலுக்கும் மதிப்புக்கூட்டு வரி உண்டு. படிவத்தில் எழுதிய தொகைதான் அந்தக் கணக்கின் அடிப்படை. அது வாடிக்கையாளர் கையில் இருக்கும் பில்லோடு ஒத்துப்போகவில்லை என்றால், ஜெர்மன் சுங்கத்துறை பார்சலை நிறுத்தி, பில்லும் பணம் கட்டிய ஆதாரமும் கொண்டுவரும்படி அவரையே அலுவலகத்துக்கு அழைக்கும். பரிசு வாங்கிய சந்தோஷத்தில் இருப்பவர் ஒரு வேலை நாளை இழக்கிறார்.

அடுத்தது பொருளின் விவரம். ‘துணி’, ‘வீட்டுச் சாமான்’ என்று பொதுவாக எழுதினால் ஏற்க மாட்டார்கள். என்ன பொருள், எதனால் ஆனது என்று தெரிய வேண்டும். `Cotton tablecloth, woven` என்றும் `Brass tumbler set` என்றும் எழுதினால் பார்த்தவுடன் புரியும். கூடவே உலகம் முழுக்கப் பொதுவான ஆறு இலக்க எச்.எஸ். குறியீடு. நெய்த பருத்தி மேஜைத் துணிக்கு 630251. விரிப்பும் நாப்கினும் இதிலேயே அடங்கும். பித்தளைப் பாத்திரத்துக்கு 741810. பித்தளை என்றாலே இதுதான் என்று குத்துவிளக்குக்கும் இதையே போட்டுவிடக் கூடாது. விளக்குகளுக்குத் தலைப்பே வேறு. இந்தக் குறியீட்டைக் கடையின் பொருள் பட்டியலிலேயே ஒருமுறை சரிபார்த்து ஏற்றி வைத்துவிட்டால், ஒவ்வொரு ஆர்டரிலும் அது தானாக வந்துவிடும். அவசரத்தில் தபால் அலுவலகக் கவுன்ட்டரில் நின்று தேடும்போதுதான் தவறான எண் விழுகிறது.

இனி எடை. விரிப்பு 520 கிராம், ஆறு நாப்கின் 300 கிராம், இரண்டு செட் டவரா டம்ளர் 820 கிராம். பொருளின் நிகர எடை 1,640 கிராம். அட்டைப்பெட்டியும் உள்ளே திணிக்கும் தாளும் 260 கிராம். ஆக மொத்தம் 1,900.

பேக்கிங் மேஜையில் ஒரு டம்ளரின் விளிம்பு நெளிந்திருப்பது தெரிகிறது. ஸ்டாக்கில் வேறு செட் இல்லை. வாடிக்கையாளரிடம் கேட்கிறார்கள், ‘இருப்பதை அனுப்புங்கள், மீதியைப் பிறகு அனுப்பினால் போதும்’ என்கிறார். ஒரு செட் வெளியே எடுக்கப்படுகிறது. ஆனால் படிவம் காலையிலேயே ஆர்டரைப் பார்த்து அச்சடித்தாகிவிட்டது. அதை அப்படியே ஒட்டினால் என்ன ஆகும்? தராசு 1,490 கிராம் காட்டும். படிவமோ உள்ளே இருக்கும் பொருள் மட்டுமே 1,640 கிராம் என்று சொல்லும். பெட்டியோடு சேர்த்த எடை பொருளின் எடையைவிடக் குறைவாக இருக்க வழியே இல்லை. திறந்து பார்க்க அதிகாரிக்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

ஆகவே படிவத்தை மாற்ற வேண்டும்: டவரா டம்ளர் ஒரு செட், 12.60 யூரோ, 410 கிராம். மொத்த மதிப்பு 68.40, நிகர எடை 1,230. பேனாவால் அடித்துத் திருத்துவது உதவாது. விமானம் ஏறுவதற்கு முன்பே பார்சலின் விவரம் மின்னணுத் தகவலாக அந்த நாட்டுக்குப் போய்விடுகிறது. தாளில் ஒன்று, கணினியில் ஒன்று என்றால் சந்தேகம் கூடும். பழைய பதிவை ரத்து செய்து, புதிதாகப் பதிந்து, புது லேபிள் ஒட்டுவதே சரி. நான் சொல்லும் ஒழுங்கு இதுதான்: பேக்கிங் லிஸ்ட்டை ஆர்டரிலிருந்து எடுங்கள்; பெட்டியில் வைக்க வைக்க டிக் செய்யுங்கள்; எடை போடுங்கள்; டிக் விழுந்த வரிகளிலிருந்து மட்டும் சுங்க அறிவிப்பைத் தயாரியுங்கள்.

மீதி செட் பத்து நாள் கழித்துப் போகிறது என்றால் அது தனிப் பார்சல், அதற்குத் தனி அறிவிப்பு. பணம் முன்பே வந்துவிட்டது என்பதற்காக மதிப்பு பூஜ்யம் என்று எழுதக் கூடாது. அதன் விலை 12.60 யூரோதான். ஆர்டர் எண்ணும் அதேதான், ‘இரண்டாம் பெட்டி’ என்ற குறிப்போடு. உடைந்ததற்கு மாற்றாக இலவசமாக அனுப்பினாலும் பொருளின் உண்மையான மதிப்பை எழுத வேண்டும்.

வாடிக்கையாளர்களே சில நேரம் ‘பரிசு என்று டிக் செய்துவிடுங்கள்’ என்று கேட்பார்கள். படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இருப்பது உண்மை. ஆனால் ஐரோப்பாவில் பரிசுக்கு உள்ள 45 யூரோ வரையிலான சலுகை, ஒரு தனிமனிதர் இன்னொரு தனிமனிதருக்குப் பணம் வாங்காமல் அனுப்புவதற்கு. கடை விற்றது விற்பனைதான். மறுத்துவிடுவதே இருவருக்கும் நல்லது.

நம் பக்கத்திலும் ஒரு கணக்கு ஓடுகிறது. விற்பனைக்காக அனுப்புபவருக்கு ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீட்டு எண் வேண்டும். தபால் வழி ஏற்றுமதிக்கான ‘போஸ்டல் பில் ஆஃப் எக்ஸ்போர்ட்’ படிவத்தை இப்போது தபால் துறையின் ‘டாக் கர் நிர்யாத் கேந்திரா’ தளத்திலேயே பதியலாம். அங்கே பில் எண், தேதி, மதிப்பு எல்லாம் கேட்பார்கள். வங்கிக்கு வந்த பணத்தையும் ஜி.எஸ்.டி. கணக்கையும் இந்த எண்களை வைத்துத்தான் பொருத்த முடியும். ஆகவே ஆர்டர் எண், பில் எண், IN என்று முடியும் 13 எழுத்துத் தபால் எண் மூன்றையும் ஒரே வரியில் எழுதி வையுங்கள். மூடுவதற்கு முன் பெட்டியின் உட்புறத்தையும் ஒட்டிய லேபிளையும் ஒரு படம் எடுத்து அந்த ஆர்டரோடு சேர்த்து வைத்தால் இன்னும் நல்லது. ஆள் இல்லாமல் பார்சல் திரும்பி வரும்போது, அதை இங்கே புது இறக்குமதியாகக் கருதி வரி கேட்கலாம். போன சாமானேதான் திரும்பி வந்திருக்கிறது என்று காட்ட அந்தப் படமும், எடை எழுதிய பேக்கிங் லிஸ்ட்டும், ஏற்றுமதிப் படிவத்தின் நகலும் வேண்டியிருக்கும்.